மழை அடிக்கும் வெளிச்சுவருக்கு எது ஒத்துவரும்: சாயம், டெக்ஸ்ச்சர், கல் – முழுமையான வழிகாட்டி

சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தாமான்களில் வெளிச்சுவர் வேலைக்குப் போகும்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "அண்ணே, இந்தச் சுவர்ல சாயம் நிக்கவே மாட்டேங்குது. கல்லு ஒட்டிடுங்க, தொல்லை விட்டுடும்." சாயம் ஏன் நிற்கவில்லை என்று பார்க்காமல் கல் ஒட்டினால் தொல்லை விடாது. கண்ணுக்குத் தெரியாமல் கல்லுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். சாயம் உரிந்தால் உதிர்வது சாயம் மட்டும். கல் விட்டுப்போனால் விழுவது கல்.

அதனால் இந்த வழிகாட்டி கடையில் இருக்கும் பொருளிலிருந்து தொடங்காமல் சுவரிலிருந்து தொடங்குகிறது. செங்கல் கட்டி மணல்-சிமெண்டு பிளாஸ்டர் பூசிய சுவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும். பழைய தோட்ட லயங்களின் பலகைச் சுவருக்கு முறை வேறு. அதே மாதிரி பழைய வீட்டில் சிமெண்டுத் தகட்டுச் சுவர் இருந்தால் தேய்க்கவோ துளையிடவோ வேண்டாம். அதில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், தூசு நுரையீரலுக்கு ஆபத்து.

உதாரணத்துக்கு ஒரே வீட்டை எடுத்துக்கொள்வோம்: வரிசை வீட்டின் மூலை வீடு, ஒரு மாடி. பக்கச் சுவர் மேற்குப் பார்த்தது. நீளம் 9 மீட்டர், உயரம் 3 மீட்டர், அதற்கு மேல் கூரையைத் தாங்கும் முக்கோணம் இன்னும் ஒன்றரை மீட்டர். இந்தப் பக்கம் கூரை வெளியே நீட்டியிருக்காது, மழை நேராக அடிக்கும். வீட்டின் முன்சுவர் கார் நிறுத்தும் கூரைக்கு உள்ளே இருக்கிறது. வாசலில் இரண்டு தூணும் ஒரு சின்னக் குட்டைச் சுவரும். வீட்டுக்காரர் கேட்பது பக்கச் சுவரின் அடிப்பாகம் முழுக்கக் கல்.

1. எந்தச் சுவர் எவ்வளவு நனைகிறது என்று பாருங்கள்

நல்ல மழை விட்டதும் வெளியே போய் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். எல்லாச் சுவரும் ஒரே மாதிரி நனைந்திருக்காது. கூரை இரண்டு அடி நீட்டியிருக்கும் பக்கத்தில் மேல் பாதி காய்ந்தே இருக்கும். நீட்டல் இல்லாத முக்கோணச் சுவர் உச்சி முதல் அடி வரை நனைந்திருக்கும். தரைக்கு மேல் ஓர் அடி உயரம் வரை எல்லாச் சுவரும் நனைந்திருக்கும், ஏனென்றால் சிமெண்டுத் தரையில் விழும் தண்ணீர் தெறிக்கிறது.

மேற்குக் கரையில் இன்னொன்றும் உண்டு. ஏப்ரல் முதல் நவம்பர் வரை மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து சுமத்ரா காற்று வரும், பெரும்பாலும் விடிவதற்கு முன்பு அல்லது காலையில். காற்றோடு வருவதால் மழை சாய்ந்து அடிக்கும். மேற்குச் சுவர் அதை வாங்குகிறது. மாலை வெயிலையும் அதுவே வாங்குகிறது. நனைவதும் சூடாவதும் மாறி மாறி நடந்தால் பிளாஸ்டர் விரிந்து சுருங்கும், மயிரிழை வெடிப்பு வரும், அதன் வழியாகத் தண்ணீர் போகும்.

சுவர் எத்தனை நேரத்தில் காய்கிறது என்றும் கவனியுங்கள். மழை விட்ட மறுநாள் மத்தியானம் மற்ற இடமெல்லாம் வெளுத்து, ஓரிடம் மட்டும் கருமையாக இருந்தால் அங்கே தண்ணீர் வேறு எங்கிருந்தோ வருகிறது. அந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டு வையுங்கள். 4-ஆம் பகுதியில் அதற்குத்தான் வேலை.

2. மூன்றில் எது எங்கே

வெளிச்சுவருக்கான அக்ரிலிக் சாயம், கடைக்காரர் 'வெதர் பெயிண்ட்' என்று எடுத்துத் தருவது, மெல்லிய படலம். மழைத் தண்ணீரை வெளியே நிறுத்தும். அதே சமயம் சுவருக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேற ஓரளவு விடும். கெட்டுப்போனால் கண்ணுக்குத் தெரியும், ஓரிடத்தை மட்டும் சரிசெய்ய முடியும். அதிகம் நனையும் சுவருக்கு இதுவே என் முதல் தேர்வு. வெடிப்பு மூடும் ரப்பர் தன்மையுள்ள தடித்த சாயமும் கிடைக்கிறது. மயிரிழை வெடிப்பு நிறைய இருந்து சுவர் நன்றாகக் காய்ந்திருந்தால் அது நல்லது. ஈரச் சுவரில் அடித்தால் நீர்க் கொப்பளம் போட்டுப் பை மாதிரி தொங்கும்.

டெக்ஸ்ச்சர் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் தடிப்பு வரும். மேடு பள்ளமான பிளாஸ்டரை நன்றாக மறைக்கும். ஆனால் கரடுமுரடான பள்ளங்களில் தூசு தங்கும், தூசில் ஈரம் தங்கும், ஈரத்தில் பாசி வரும். நம் ஊர் மழைக்கு, நீட்டல் இல்லாத சுவரில் முரட்டு டெக்ஸ்ச்சர் போட்டால் சீக்கிரமே கறுத்துவிடும். ஓரிடம் பெயர்ந்தால் ஒட்டுப்போட்டது தெரியும். வேண்டாம் என்று பிறகு முடிவு செய்தால் கிரைண்டர் வைத்துத்தான் எடுக்க வேண்டும். கூரைக்குள் இருக்கும் முன்சுவருக்கு அது பொருத்தம்.

கல் மழைக்கு அஞ்சாது. அஞ்சுவது அதை ஒட்டியிருக்கும் பசையும் அதற்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டரும். எடையைப் பாருங்கள்: கிரானைட், குவார்ட்சைட் மாதிரிக் கல் கன மீட்டருக்கு ஏறக்குறைய 2,700 கிலோ. 20 மில்லிமீட்டர் தடிப்புக் கல் ஒரு சதுர மீட்டருக்கு 54 கிலோ வரும். அந்த எடையை ஒரு அங்குலத்துக்கும் குறைவான பிளாஸ்டர் சுமக்க வேண்டும். அடி ஈரமாக இருக்கும் சுவரில் இதை நம்ப முடியாது.

ஆகவே நம் உதாரண வீட்டுக்கு என் தீர்ப்பு: பக்கச் சுவருக்கு வெதர் பெயிண்ட், முன்சுவருக்கு மெல்லிய டெக்ஸ்ச்சர், தூணிலும் குட்டைச் சுவரிலும் ஒரு மீட்டர் உயரம் வரை கல். பக்கச் சுவரின் அடியில் கல் வேண்டாம். ஏன் என்று 4-இல் வரும்.

3. வேலைக்கு மாதம் குறிப்பது

தீபாவளிக்குச் சாயம் அடிப்பது நம் வழக்கம். தீபாவளி வருவதோ அக்டோபர், நவம்பரில். பேராக்கின் உட்பகுதியில் பருவக்காற்று மாறும் அந்த மாதங்களில்தான் மழை உச்சத்தில் இருக்கும். பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்னால் அவசரமாகத் தொடங்கி, ஈரச் சுவரில் அடித்துவிட்டு, பொங்கலுக்குள் உரிந்துவிட்டது என்று கடையில் சண்டை போடுபவர்கள் எல்லா வருடமும் உண்டு.

மேற்குக் கரையில் ஜூன், ஜூலை ஒப்பீட்டளவில் காய்ந்த மாதங்கள். வெளிச்சுவரை அப்போதே முடித்துவிட்டு, உள்ளறைகளைத் தீபாவளிக்கு வைத்துக்கொள்ளுங்கள். புதுப் பிளாஸ்டர் பூச வேண்டியிருந்தால் இன்னும் முன்னால் தொடங்க வேண்டும். பூசிய பிறகு குறைந்தது 28 நாள் காய விட வேண்டும் என்பதால், ஜூலையில் சாயம் என்றால் மே மாதக் கடைசியில் பூச்சு முடிந்திருக்க வேண்டும். 28 நாள் என்பது வெயில் நாள் கணக்கு. இடையில் மழை விடாமல் பெய்தால் கூட்டிக்கொள்ளுங்கள்.

4. சுவரைச் சோதித்து, தண்ணீர் வரும் வழியை அடைப்பது

புதிதாக வேலைக்கு வருபவர்கள் தாண்டிப் போகும் படி இதுதான். சாயம் திறக்கும் முன் நான்கு சோதனை.

முதலாவது, உள்ளங்கையால் பழைய சாயத்தைத் தேயுங்கள். வெள்ளை மாவு ஒட்டினால் சாயம் மக்கிவிட்டது. அதன்மேல் எது அடித்தாலும் மாவோடு சேர்ந்து வந்துவிடும்.

இரண்டாவது, பிளேடால் பெருக்கல் குறி போல இரண்டு கீறல் கீறி, அதன்மேல் நல்ல ஒட்டுத்தாளை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். கீறலோரம் சாயம் துண்டு துண்டாக வந்தால் அந்தப் பகுதி முழுக்கச் சுரண்ட வேண்டும்.

மூன்றாவது, ஸ்க்ரூடிரைவர் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடத்தில் கணீர் என்றும், பிளாஸ்டர் செங்கல்லை விட்ட இடத்தில் தொப்புத் தொப்பு என்றும் கேட்கும். அப்படிப்பட்ட இடத்தை உடைத்து மறுபடி பூச வேண்டும். கல் ஒட்டப் போகும் இடத்தில் இந்தச் சோதனையில் சலுகையே கிடையாது.

நான்காவது ஈரச் சோதனை. தெளிந்த பிளாஸ்டிக் தாளை ஒன்றரை அடிச் சதுரமாக வெட்டி, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, மாலையில் வைத்து மறுநாள் காலை பாருங்கள், குறைந்தது 16 மணி நேரம். தாளின் உட்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தாலோ அடியில் சுவர் கறுத்திருந்தாலோ சுவருக்குள் ஈரம் இருக்கிறது. முக்கோணத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, தரையிலிருந்து ஓர் அடியில் ஒன்று என மூன்று இடத்தில் வையுங்கள். எந்த உயரத்தில் ஈரம் என்பதே அது எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிடும்.

நம் வீட்டில் நடுத்தாள் காய்ந்திருந்தது. மேல்தாளும் கீழ்த்தாளும் வியர்த்திருந்தன.

மேலே ஈரம் என்றால் கூரை விளிம்பைப் பாருங்கள். முக்கோணச் சுவரின் உச்சியில் ஓட்டுக்கும் சுவருக்கும் இடையே பூசிய சிமெண்டு வெடித்திருக்கும், இல்லையென்றால் தகர மூடியின் ஆணி துருப்பிடித்திருக்கும். அங்கே இறங்கும் தண்ணீர் பிளாஸ்டருக்குப் பின்னால் வழிந்து சாயத்தை உள்ளிருந்து தள்ளுகிறது. சிமெண்டை எடுத்துவிட்டு மறுபடி பூசி, தகர மூடியைச் சுவருக்கு வெளியே இரண்டு அங்குலமாவது நீட்டி வளைத்துப் போடுங்கள். தண்ணீர் சுவரை விட்டு விலகிச் சொட்ட வேண்டும்.

கீழே ஈரம், அதோடு ஓரடி இரண்டடி உயரத்தில் கடல் அலை விட்ட கோடு மாதிரி ஒரு கறை, உப்புப் பூத்தல் என்றால் அது மண்ணிலிருந்து ஏறும் ஈரம். பெரும்பாலும் காரணம் பக்கத்துத் தரை. வீடு கட்டும்போது சுவரின் அடியில் ஈரம் ஏறாமல் ஒரு தடுப்புப் படலம் போட்டிருப்பார்கள். பிறகு வந்தவர்கள் பக்கத்தில் மண் கொட்டி, பூந்தொட்டி மேடை கட்டி, கான்கிரீட் போட்டு அந்த மட்டத்துக்கு மேலே போய்விடுவார்கள். ஈரம் தடுப்பைச் சுற்றிக்கொண்டு சுவருக்குள் ஏறும். நம் வீட்டிலும் சுவரோரம் வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் என்று மண் மேடு. மண்ணை வீட்டுத் தரைமட்டத்துக்கு ஆறு அங்குலம் கீழே வெட்டி இறக்கி, தண்ணீர் சாக்கடைப் பக்கம் ஓடும்படி சரிவு கொடுத்தாயிற்று.

இந்த இடத்தில்தான் வீட்டுக்காரர் கல் கேட்டார். கல்லும் பசையும் அந்த அடிப்பாகத்தை மூடியிருந்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறி, கல்லுக்கு மேலேயுள்ள சாயத்தில் புதிதாக ஒரு கோடு போடும். உப்பு பசைக்குப் பின்னால் படிந்து பிளாஸ்டரைப் பொடியாக்கும். இது தெரிய ஓரிரண்டு வருடம் ஆகும், அதற்குள் வேலை செய்தவர் அடுத்த ஊரில் இருப்பார்.

வெடிப்புகளுக்கு வருவோம். மயிரிழை வெடிப்பைச் சுரண்டி வெளிச்சுவர் ஃபில்லர் வைத்தால் போதும். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போனால் வி வடிவில் கால் அங்குலம் ஆழம் வெட்டித் தூசு தட்டி அடைக்க வேண்டும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு அசையும் வெடிப்பு. சிமெண்டு வைத்து அடைத்தால் அதே இடத்தில் மறுபடி விடும். சாயம் பிடிக்கும் பியூ சீலன்ட் வைத்து, மேலே கண்ணாடியிழை வலைப்பட்டை ஒட்டி, அதன்மேல் மெல்லிய பூச்சு கொடுங்கள். கையில் இருக்கிறதே என்று சாதாரண சிலிக்கனை வைத்துவிடாதீர்கள், அதில் சாயம் ஒட்டவே ஒட்டாது. சுவர் முழுக்க அடித்த பிறகு அந்தக் கோடு மட்டும் பளபளவென்று தனியாகத் தெரியும்.

5. கழுவுவது, காயவிடுவது

உப்புப் பூத்த இடத்தை முதலில் உலர்ந்த தூரிகையால் தட்டிப் பெருக்கி எடுங்கள். தண்ணீர் விட்டால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும்.

பாசிக்கு வீட்டில் துணி வெளுக்கும் குளோரின் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு. கீழிருந்து மேலாகத் தடவி 15 முதல் 20 நிமிடம் விட்டு, தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். கையுறையும் கண்ணாடியும் வேண்டும். ஆசிட்டோடு கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும். பாசியைக் கொல்லாமல் வெறும் தண்ணீரைப் பீய்ச்சினால் வேர் தங்கிவிடும், புதுச் சாயத்துக்குள்ளிருந்தே கறுப்புப் புள்ளி எழும்பும்.

நீர்ப்பீச்சும் இயந்திரம் வாடகைக்கு எடுத்தால் குழாய்முனையைச் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளிப் பிடியுங்கள். வெடிப்புக்கு நேராக அடித்தால் காயவைக்க நினைக்கும் சுவருக்குள் நீங்களே தண்ணீர் ஏற்றுகிறீர்கள். அலசிய பிறகு வெயிலில் இரண்டு மூன்று நாள் விட்டு, பிளாஸ்டிக் தாளை மறுபடி ஒட்டிப் பாருங்கள். கீழ்த்தாள் இன்னும் வியர்த்தால் காத்திருங்கள். மண்ணிலிருந்து ஏறிய ஈரம் இறங்க வாரக்கணக்கு ஆகும். மேல்பகுதியை முதலில் முடித்துக்கொண்டு அடி இரண்டு அடியைப் பிறகு அடிப்பதில் தவறில்லை.

6. வெதர் பெயிண்ட் அடிப்பது

அளவு: செவ்வகம் 27, முக்கோணம் 6.75, ஆக 33.75 சதுர மீட்டர். இரண்டு ஜன்னலைக் கழித்தால் ஏறக்குறைய 31. வெளிச்சுவரில் ஒரு லிட்டர் நடைமுறையில் 9 சதுர மீட்டர் வரும், டின்னில் எழுதியிருக்கும் கணக்கு வழுவழுப்பான பரப்புக்கானது. சீலர் ஒரு கை மூன்றரை லிட்டர், சாயம் இரண்டு கை ஏழு லிட்டர். 5 லிட்டர் சீலர் ஒன்றும் 5 லிட்டர் சாயம் இரண்டும் வாங்கினால், பின்னால் சரிசெய்யக் கொஞ்சம் மிஞ்சும். கலர் கலந்து தரும் சாயம் என்றால் இரண்டு டின்னையும் ஒரு வாளியில் ஊற்றிக் கலந்துவிடுங்கள், நிறத்தில் சின்ன வித்தியாசம் இருந்தாலும் சுவர் நடுவில் கோடு விழாது.

புதுப் பிளாஸ்டருக்குக் காரம் தாங்கும் சீலர். மாவு விட்ட பழைய சுவருக்கு, சுரண்டிக் கழுவிய பிறகும் லேசாக மாவு இருந்தால், தின்னர் கலந்த ஊடுருவும் சீலர், அது உள்ளே இறங்கி மாவைப் பிடித்துக்கொள்ளும். பழைய சாயம் கெட்டியாக, மாவில்லாமல் இருந்தால் ஒட்டுப்போட்ட இடங்களுக்கு மட்டும் சீலர் போதும். நம் சுவரில் பாதிக்குப் பாதி மாவு, அதனால் முழுக்க அடித்தோம்.

நாளின் வரிசை முக்கியம். மேற்குச் சுவரில் காலையில் வெயில் இல்லை, ஆனால் பனி ஈரம் இருக்கும். ஒன்பது மணிக்கு மேல் கையால் தொட்டுப் பார்த்துத் தொடங்குங்கள். ஓரங்களையும் ஜன்னல் சுற்றையும் தூரிகையால் முதலில் இழுத்து, அது காய்வதற்குள் ரோலர் போடுங்கள். மேலிருந்து கீழே இறங்குங்கள். முதல் கை முடிந்து டின்னில் சொன்ன இடைவெளி, சாதாரணமாக இரண்டு முதல் நான்கு மணி நேரம், விட்டு இரண்டாம் கை. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் இடி மழை வரும் ஊர் இது. காலையில் ஒரு கை, மறுநாள் காலையில் ஒரு கை என்று வைத்துக்கொண்டால் நிம்மதி.

தண்ணீர் கலப்பது பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். ரோலர் இலகுவாக ஓடுகிறது என்று தண்ணீர் ஊற்றுவதில்தான் பாதி வேலை கெட்டுப்போகிறது. படலம் மெலிந்து, பளபளப்பும் பாசித் தடுப்பும் சேர்ந்தே குறைகிறது.

அடித்த அன்றே மழை வந்து, மறுநாள் சுவரில் பழுப்பாகப் பிசுபிசுவென்று ஒழுகிய கோடு தெரிந்தால் பதற வேண்டாம். சாயத்தில் இருக்கும் சோப்புத் தன்மையுள்ள பொருள் வெளியே வந்திருக்கிறது. படலம் கெட்டியாக இருந்தால் தண்ணீர் விட்டுத் துடைத்தால் போய்விடும். சாயமே கரைந்து தரையில் ஓடியிருந்தால் மட்டும் மறுபடி அடிக்க வேண்டும்.

7. டெக்ஸ்ச்சர் போடுவது

சீலர் வரை எல்லாம் மேலே சொன்னதுதான். அதற்கு மேல் டெக்ஸ்ச்சர் பூச்சு, கடைசியில் மேல் சாயம் இரண்டு கை. மழையைத் தடுப்பது மேல் சாயம்தான். டெக்ஸ்ச்சர் தடிப்பாக இருக்கிறதே என்று மேல் சாயத்தை ஒரு கையோடு நிறுத்துவது தவறு. பள்ளங்களின் அடியில் ரோலர் தொடாமல் வெள்ளையாகப் புள்ளி தங்கும். அங்கேதான் தண்ணீர் உறிஞ்சும். அடர்ந்த முடி உள்ள ரோலர் எடுத்து, முதல் கை மேலிருந்து கீழாகவும் இரண்டாம் கை குறுக்காகவும் போடுங்கள்.

துப்பாக்கியால் பீய்ச்சினால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டு கிலோ பிடிக்கும். சுவருக்கு முன் ஒரு பலகையில் அடித்துப் பார்த்து வடிவத்தை வீட்டுக்காரரிடம் காட்டிச் சரி வாங்கிக்கொள்ளுங்கள், சுவரில் அடித்த பிறகு மாற்ற வழியில்லை. துப்பாக்கி சுவருக்கு நேராக, ஒன்றரை அடி தூரத்தில் இருக்க வேண்டும். மணிக்கட்டைச் சுழற்றினால் ஓரத்தில் மெலிந்தும் நடுவில் தடித்தும் விழும். பக்கத்து வீட்டுக் காரை மூடச் சொல்லிவிடுங்கள். காற்றில் அது போகும் தூரம் நம்ப முடியாதது.

ஒரு சுவரை நடுவில் நிறுத்தக் கூடாது. காய்ந்த ஓரமும் ஈர ஓரமும் சந்திக்கும் இடம் கடைசிவரை தெரியும். ஒரே மூச்சில் முடிக்க முடியாத பெரிய சுவரை, முன்கூட்டியே மாஸ்கிங் டேப் ஒட்டிக் கட்டங்களாகப் பிரித்து, கட்டம் கட்டமாக முடியுங்கள். டேப் எடுத்த கோடு அழகாகவும் இருக்கும்.

மேல் சாயத்துக்கு முன் 24 மணி நேரம் காய வேண்டும். மழைக்காலக் காற்றில் அது இரண்டு நாளாகும். நகத்தால் அழுத்தினால் தடம் விழும் டெக்ஸ்ச்சரில் சாயம் அடித்தால் பிறகு கொப்பளிக்கும்.

8. கல் ஒட்டுவது

கல்லை எங்கும் ஒட்டலாம் என்று நினைக்கும்முன் உயரத்தை முடிவு செய்யுங்கள். ஆள் தலைக்கு மேல் வரும் கல்லைப் பசையை மட்டும் நம்பி நான் ஒட்டுவதில்லை. மூன்று மீட்டருக்கு மேல் என்றால், அல்லது ஒரு கல்லே இரண்டு கை போட்டுத் தூக்கும் எடை என்றால், துருப்பிடிக்காத எஃகுக் கொக்கியும் சட்டமும் வேண்டும். அந்தக் கொக்கி பிளாஸ்டரில் நிற்கக் கூடாது, செங்கல்லுக்குள்ளோ கான்கிரீட்டுக்குள்ளோ இறங்க வேண்டும். துத்தநாகம் பூசிய கம்பி மழையில் துருப்பிடிக்கும், துருவின் பழுப்பு கல்லில் வழியும். அந்த வேலையைப் பொறியாளர் கணக்குப் போட்டுத் தர வேண்டும். இங்கே சொல்வது ஒரு மீட்டர் உயரக் குட்டை வேலை.

கல்லைத் தேர்ந்தெடுக்கும்போது நுண்துளை அதிகமுள்ள மணற்கல் நம் மழையில் பாசி பிடிக்கும், இரும்புச் சத்து இருந்தால் துருக்கறையும் விடும். குவார்ட்சைட்டும் கிரானைட்டும் குறைவாக உறிஞ்சும். சந்தேகம் என்றால் ஒரு துண்டில் தண்ணீர் சொட்டு விடுங்கள், உடனே உறிஞ்சிக் கறுத்தால் அது வெளிச்சுவருக்கு ஆகாது. ஈப்போ பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லும் மார்பிளும் ஆசிட் பட்டால் அரிக்கும். சிமெண்டுக் கறை போக ஆசிட் போடும் பழக்கத்தை அதில் காட்டாதீர்கள்.

சாயத்தின் மேல் கல் ஒட்டக் கூடாது. பசை சாயத்தைப் பிடித்துக்கொள்ளும், சாயம் சுவரை விட்டுவிடும். கிரைண்டரால் சாயத்தை முழுக்க எடுத்து, பிளாஸ்டர் தெரியும்வரை சுரண்டி, தூசியைக் கழுவுங்கள். அடுக்குக்கல்லில் இடுக்குக்கு நிரப்புச் சிமெண்டு வைப்பதில்லை, தண்ணீர் பின்னால் போகும் என்பது உறுதி. ஆகவே பிளாஸ்டர்மேல் சிமெண்டு வகை நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கை கொடுத்துக் காயவிடுங்கள். அதன்மேல் ஒட்டும் என்று பசைப் பையில் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பசை பாலிமர் கலந்த வெளிச்சுவர் ரகமாக இருக்கட்டும். பையில் C2TES1 என்று அச்சிட்டிருந்தால் அது வலுவான ஒட்டு, சரியாத தன்மை, பூசிய பசை சீக்கிரம் தோல் கட்டாத தன்மை, வளைந்துகொடுக்கும் தன்மை நான்கும் உள்ளது. வெறும் சிமெண்டுப் பால் வேண்டாம். நம் வீட்டுக்கு நான்கு சதுர மீட்டர், ஏறக்குறைய 215 கிலோ கல். பசை சதுர மீட்டருக்கு ஏழு கிலோ வைத்தால் 28, ஆக 25 கிலோ பை இரண்டு.

இனி ஒட்டும் வரிசை:

தரையிலிருந்து இரண்டு அங்குலம் மேலே மட்டக்கோடு போட்டு, ஒரு நேரான சட்டத்தை அந்தக் கோட்டில் தாங்கலாக அறையுங்கள். முதல் வரிசை அதன்மேல் உட்காரும். கீழே இடைவெளி விடுவது தரைத் தண்ணீர் கல்லுக்குள் ஏறாமலிருக்கவும், உள்ளே புகுந்த தண்ணீர் வெளியே போகவும். அதைச் சிமெண்டு வைத்து மூடிவிடாதீர்கள்.

ஒவ்வொரு கல்லின் பின்பக்கத்தையும் தண்ணீரில் தேய்த்துக் கழுவி நிழலில் உலரவிடுங்கள். அறுத்த கல்லின் பின்னால் மெல்லிய மாவு இருக்கும். கல் விழுந்த இடத்தில் பசை சுவரிலேயே தங்கி, கல் மட்டும் சுத்தமாக வந்திருந்தால் காரணம் அந்த மாவு.

சுவரில் ஒரு சதுர மீட்டருக்கு மேல் பசை போடாதீர்கள். பத்து மில்லிமீட்டர் பல் உள்ள கரண்டியால் ஒரே திசையில் கோடு இழுங்கள். கல்லின் பின்னாலும் மெல்லிய பசை பூசுங்கள். அழுத்தி, கோட்டுக்குக் குறுக்காக லேசாக அசைத்துவிடுங்கள், கோடுகள் சரிந்து இடைவெளி நிரம்பும். விரலால் தொட்டால் ஒட்டாத பசை தோல் கட்டிவிட்டது, சுரண்டி எறியுங்கள். வெயில் சுவரில் இது சீக்கிரமே நடக்கும்.

நான்கு மூலையிலும் நடுவிலும் ஒரு உருண்டை வைத்து ஒட்டும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. உருண்டைகளுக்கு நடுவில் வெற்றிடம், அதில் மழைத் தண்ணீர் தேங்கும். கல்லின் எடையும் ஐந்து புள்ளியில் தொங்கும். அவ்வப்போது ஒட்டிய கல் ஒன்றைப் பிடுங்கிப் பின்னால் பாருங்கள். கிட்டத்தட்ட முழுதும், 95 சதவீதமாவது பசை பரவியிருக்க வேண்டும். வேலையாளிடம் "தம்பி, ஒண்ணு எடுத்துக் காட்டு" என்று கேட்பது உங்கள் உரிமை.

முகத்தில் வழிந்த பசையை உடனே ஈரக் கடற்பஞ்சால் துடையுங்கள். மறுநாள் அது கல்லோடு கல்.

மேல்விளிம்புதான் எல்லாரும் மறப்பது. கல்லுக்கும் சுவருக்கும் இடையே மேலே திறந்திருந்தால் மழை நேராக உள்ளே இறங்கும். குட்டைச் சுவருக்கு வெளிப்பக்கம் சரிவான மூடிக்கல் வையுங்கள், அது கல்முகத்தைத் தாண்டி ஓர் அங்குலம் நீட்டியிருக்க வேண்டும். தூணில் கல் பாதியில் நின்றால், சரிவாக பியூ சீலன்ட் இழுத்து மூடுங்கள். நீளமான சுவரில் மூன்று நான்கு மீட்டருக்கு ஒருமுறை ஒரு செங்குத்து இடைவெளி விட்டு அதையும் சீலன்ட்டால் நிரப்புங்கள், வெயிலில் விரியும் கல்லுக்கு இடம் வேண்டும்.

முதல் நாள் முழுக்கத் தார்ப்பாயால் மூடி வையுங்கள். தார்ப்பாய் கல்லைத் தொடாமல் சட்டத்தில் தொங்கட்டும். ஒரு வாரம் கழித்துக் கல் நன்றாகக் காய்ந்ததும் ஊடுருவும் வகை நீர்விலக்கி அடிக்கலாம். பளபளக்கும் வார்னிஷ் வகை வேண்டாம், உள்ளே ஈரம் சிக்கி வெள்ளைத் திட்டாகும்.

9. முடிந்த பிறகு பார்க்க வேண்டியவை

முதல் பெருமழைக்கு மறுநாள் பென்சில் வட்டமிட்ட இடங்களுக்கு நேராகப் போங்கள். சாயம் அடித்த சுவரில் கறுத்த திட்டு மறுபடி தெரிந்தால் சாயத்தைக் குறை சொல்லும்முன் கூரை விளிம்புக்கு ஏணி போடுங்கள். அடிப்பகுதியில் உப்பு கொஞ்சம் பூத்தால் உலர்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள், மண்ணை இறக்கிய பிறகும் சுவரில் மிச்சமிருந்த உப்பு சில மாதம் வெளியே வரும். ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தால் சரி, கூடினால் பக்கத்தில் வேறு தண்ணீர் இருக்கிறது. குழாய்க் கசிவையும் சாக்கடை வெடிப்பையும் பாருங்கள்.

கல்லை வருடத்துக்கு ஒருமுறை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள், அக்டோபர் மழைக்கு முன்னால். தொப்பென்று ஒலிக்கும் கல்லை அப்போதே எடுத்து, பழைய பசையைச் சுரண்டி மறுபடி ஒட்டுங்கள். பக்கத்துக் கற்களையும் தட்டிப் பாருங்கள், தண்ணீர் ஒரு கல்லுக்குப் பின்னால் மட்டும் நிற்பது அபூர்வம். மேல்விளிம்பு சீலன்ட் ஓரம் விட்டிருந்தால் அதை முழுக்க வெட்டி எடுத்துப் புதிதாக இழுக்க வேண்டும், பழையதன் மேல் பூசினால் ஒட்டாது.